பாரம் ஏத்துற பக்குவம்

ஏ பேராண்டி, உன் கவிதைக் கட்டைப் பிரிச்சுப் பாத்தேன். மொத்தம் 64. பரிசு வாங்குன ஒண்ணை மட்டும் முன்னால தூக்கி வச்சுட்டு, மத்த எல்லாத்தையும் எழுதின தேதி வாரியா அடுக்கி வச்சிருக்கே. நாளைக்கு உன் வாழ்க்கை வரலாறு எழுத வர்றவனுக்கு ரொம்ப வசதியா இருக்கும். அவன் இன்னும் பொறக்கலே, அதான் சங்கடம்.

முதல் கவிதை ‘கவிதை என்பது யாதெனில்’. கடைசிக் கவிதை வாசகனுக்கு நன்றி. நடுவுல உங்க அப்பன் செத்துப்போறான். ரெண்டு கவிதை தள்ளிப் பாத்தா கிணத்தடியில மோட்டாரைக் கழட்டிப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். ‘சரி, பொழச்சுக்கிட்டான்’னு நான் மூச்சு விடுததுக்குள்ள மறுபடியும் செத்துப்போறான். ஒரு மனுசனை எத்தனை வாட்டிடா சுடுகாட்டுக்குத் தூக்குவே?

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் ஒதுங்காத கிழவன் கவிதைக்கு நாயம் பேச வந்துட்டான்னு நெனைக்காதே. சிவகாசியில அச்சாபீசுல எழுத்துக் கோத்தவன் நான். ஈய எழுத்து தலைகீழாத்தான் இருக்கும், அதை அப்படியே வாசிச்சுப் பழகுன கண்ணு இது. நேரா அச்சடிச்சுக் குடுத்த உன் கவிதை எனக்கு வெளங்காமப் போகாது. சிலது வெளங்கலே. அது உன் தப்பு.

பாரவண்டியில மூட்டை அடுக்குததை நீ பாத்திருக்க மாட்டே. முன்பாரம் ஏறினா மாட்டுக் கழுத்து நொந்துபோகும். பின்பாரம் ஏறினா நுகம் மேலே தூக்கும், பூட்டாங்கயிறு குரல்வளையை இறுக்கும். முதல் புத்தகம் போடுத பயலுக முக்காவாசி முன்பாரம்தான் ஏத்துதானுவ. புத்தகக் கண்காட்சியில எடுக்கிறவன் முதல் நாலு பக்கத்தைத்தான் புரட்டுவான்னு, பரிசு வாங்கினது, ஆயிரம் பேரு விரும்பினதுன்னு நல்ல கவிதை பத்தையும் வாசல்லயே கொட்டிருதது. வாங்கினவன் வீட்டுல போயி நாப்பதாம் பக்கத்தைத் தாண்டுதப்போ வண்டியில வெறுஞ்சாக்குதான் கெடக்கு.

‘அப்போ எப்படித் தாத்தா அடுக்க?’ன்னு மொறைக்காதே. அடுக்கிக் காட்டுனவங்க நம்மகிட்டயே இருக்காங்க. அகநானூறுன்னு ஒண்ணு இருக்குல்லா, காலேஜில பரிச்சைக்குப் படிச்சு மறந்திருப்பே. உருத்திரசன்மனார் தொகுத்தது. 400 பாட்டு, பாடினவங்க நூறு பேருக்கும் மேல. அந்த மனுசன் என்ன செஞ்சாரு தெரியுமா? ஒண்ணு, மூணு, அஞ்சு, ஏழுன்னு ஒத்தப்படை எண்ணு பூராவும் பாலைத் திணையை வச்சாரு. ரெண்டுலயும் எட்டுலயும் முடியுத எண்ணு குறிஞ்சி. நாலுல முடிஞ்சா முல்லை, ஆறுல முடிஞ்சா மருதம், பத்து இருபதுன்னு வந்தா நெய்தல். எண்ணைச் சொன்னாப் போதும், பாட்டைப் பாக்காமலே திணையைச் சொல்லிரலாம். கூட்டிப் பாரு, பாலை 200, குறிஞ்சி 80, மத்த மூணும் நாப்பது நாப்பது.

பாலைன்னா என்ன? பொருள் தேடிப் பிரிஞ்சு போறவனும் அவன் போற காட்டுவழியும், வீட்டுல இருந்து வாடுத பொம்பளையும். ஒவ்வொரு ஒத்தப்படையிலயும் ஒரு பிரிவு, ஒரு வழி. அடுத்த பாட்டுல ஒரு கூடல், இல்லேன்னா காத்திருப்பு, இல்லேன்னா ஊடல். திரும்பவும் வழி. ஒத்தையாப் பொறந்த பாட்டுகளை இப்படிப் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சே புத்தகத்தை நடக்க விட்டுட்டாரு.

ஐங்குறுநூறு அப்படி இல்லையே, அதுல திணைக்கு நூறுன்னு ஒரே கட்டாத்தானே கட்டியிருக்குன்னு நீ கேக்கணும். கேக்க மாட்டே, நானே கேட்டுக்கிடுதேன். அதுல ஒவ்வொரு பாட்டும் மூணு அடியில இருந்து ஆறு அடிக்குள்ள முடிஞ்சிரும். நூறையும் பத்துப் பத்தாப் பிரிச்சு ஒவ்வொரு பத்துக்கும் பேரு வேற குடுத்திருக்கு. சின்னப் பாட்டு சேத்துக் கட்டினாத் தாங்கும். அகநானூத்துல பாட்டு 13 அடியில இருந்து 31 அடி வரைக்கும் போகும். அந்த நீளத்துல நூறு பிரிவுப் பாட்டை வரிசையாப் படிச்சா எவனும் பாதி வழியில படுத்துருவான். அதனாலதான் ஊடால ஊடால வேற திணையைச் செருகியிருக்கணும். தொகுத்தவரு காரணம் எழுதி வைக்கலே, இது எழுத்துக் கோத்தவன் சொல்லுத காரணம்.

இப்போ உன் கட்டுக்கு வருவோம். நீ திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனது, ரூம்புல ஆறு பேரு படுத்தது, போன்ல அம்மா பேசினது, அப்பன் போய்ச் சேர்ந்தது, கரிசக்காட்டை வித்தது. 64-ஐயும் தனித்தனித் தாள்ல எடுத்துத் திண்ணையில பரப்பிப் பாத்தா இந்தக் கதைதான் கெடக்கு. உனக்கே தெரியாம எழுதியிருக்கே. நெலா பத்தி ஒம்பது கவிதை இருக்கு, அதுல ஏழைத் தனியா எடுத்து வச்சுட்டேன். ஒரு புத்தகத்துக்கு ரெண்டு நெலா போதும். சொல் புதுசா இருக்குன்னு நீ பெருமைப்படுத நாலு கவிதையையும் எடுத்துட்டேன். அது நல்ல கவிதைதான், ஆனா இந்த வழியில வராதது.

வாசல்ல உன் அருமையான கவிதையை வைக்காதே. யாரு பேசுதான், எங்க நின்னு பேசுதான், எந்தக் குரல்ல பேசுதான்னு காட்டுத கவிதையை வை. மழை வருமான்னு உங்க அப்பன் வானத்தைப் பாக்காம எறும்புப் புத்தைப் பாக்கிறதா ஒண்ணு எழுதியிருக்கே, ஏழு வரி. நீ அதை 51-ஆவதா ஒளிச்சு வச்சிருந்தே. அதான் முதல் கவிதை. படிக்கிறவனுக்கு ஊரு, அப்பன், நீ சொல்லுத தோரணை மூணும் ஒரே பக்கத்துல கெடச்சிருது.

பரிசு வாங்குன சாவுக் கவிதையை நீ ரெண்டாவதா வச்சிருந்தே. ஒன்பது வரி. அந்த எடத்துல படிக்கிறவனுக்கு உங்க அப்பன் யாரு? எவனோ ஒருத்தன். ‘ஐயோ பாவம்’னு பக்கத்தைத் தள்ளிட்டுப் போவான். அதைத் தூக்கி, மூணுல ரெண்டு பங்கு வழி போனப்புறம் வச்சேன். அதுக்கு முன்னாடி அப்பன் உசுரோட வர்ற கவிதை மூணு வேணும். எறும்புப் புத்து ஒண்ணு. கிணத்தடி மோட்டாரு ஒண்ணு. பஸ் டிரைவர் கையில கடலை மூட்டை குடுத்தனுப்பிட்டு, பஸ் நம்பரைத் தப்பாச் சொல்லி உன்னை அலையவிட்டது ஒண்ணு. மூணையும் ஒண்ணாப் போடலே, எடைவெளி விட்டுப் போட்டேன். மூணாவதுல படிக்கிறவன் சிரிப்பான். சிரிச்சவனுக்குத்தான் அந்த ஒன்பது வரி வலிக்கும்.

அதுக்கு அடுத்து என்ன வைக்கிறதுங்கிறதுதான் பெரிய பாடு. உன்கிட்ட ஒப்பாரி அஞ்சு இருக்கு. அஞ்சையும் வரிசையா விட்டா ரெண்டாவதுலயே கண்ணு காஞ்சிரும். ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு, அதையும் பத்துப் பக்கம் தள்ளிட்டேன். சாவுக்குப் பக்கத்துல, ஓவர்லாக் மிஷின்ல நூல் அறுந்துக்கிட்டே இருந்த அந்த ராத்திரி ஷிப்ட்டுக் கவிதையைப் போட்டேன். நீ அதைக் கேலியாத்தான் எழுதினே, அப்பன் நல்லா இருந்தப்போ எழுதினது வேற. ஒரு எழுத்து மாத்தலே. இப்போ எடுத்து வாசி. நூல் அறுகுத எடத்துல உனக்குத் தொண்டை அடைக்குதா இல்லையா? ஒரு கவிதைக்கு அர்த்தம் பாதி அதுக்குள்ள இருக்கு, மிச்சம் பக்கத்துல உக்காந்திருக்கிறது குடுக்குது.

ஊரை விட்டுப் போற, வர்ற கவிதை 14 இருக்கு. நீ திருப்பூர் போன புதுசுல எழுதினதால எல்லாம் ஒரே கொத்தாக் கெடந்துச்சு. அதைப் பிரிச்சு மூணு நாலு கவிதைக்கு ஒண்ணா ஊடால விட்டிருக்கேன். அதுக்காக அகநானூத்தைப் பாத்து ஒத்தப்படை ரெட்டைப்படைன்னு எண்ணிக்கிட்டு உக்காராதே. அவரு கையில 400 இருந்துச்சு, கணக்குத் தாங்கும். உன் சரக்குக்குக் கணக்கு வச்சா துருத்திக்கிட்டுத் தெரியும்.

இப்போ ஒரு வேலை குடுக்குதேன். வெள்ளைத்தாள்ல நீ அடுக்கியிருந்த வரிசைப்படி ஒவ்வொரு கவிதையோட முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் எழுது. நடுவுல உள்ளது வேண்டாம். நான் எழுதிப் பாத்துட்டேன், ஆனாலும் நீ எழுது. ‘நான்’னு ஆரம்பிக்கிறது ஆறு அடுத்தடுத்து நிக்கும். மவுனம், மவுனம்னு முடியுதது நாலு ஒண்ணா உக்காந்திருக்கும். முழுசாப் படிக்கிறப்போ இது கண்ணுல படாது. படிக்கிறவன் மட்டும் ஏதோ ஒரே எடத்துல சுத்துதோமேன்னு கொட்டாவி விடுவான். அப்புறம் எல்லாத்தையும் ஒரே இருப்புல உன் தங்கச்சிக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டு. எந்தக் கவிதையில அவ செல்லை எடுத்துப் பாக்கிறாளோ அதுக்கு முன்னாடி ரெண்டையும் சந்தேகப்படு. பெரும்பாலும் குத்தம் அதுல இருக்காது, முன்னாடி போன ரெண்டும் ஒரே குரல்ல பேசியிருக்கும்.

பக்க வேலை ஒண்ணு இருக்கு. புத்தகத்துல ரெட்டைப்படைப் பக்கம் எடதுல வரும், ஒத்தப்படை வலதுல. ஒரு பக்கத்துக்கு மிஞ்சுத கவிதையை வலதுல ஆரம்பிச்சா நடுவழியில தாளைத் திருப்பணும், மூச்சு அறுந்துபோகும். எடதுல ஆரம்பி. எதிரெதிர்ப் பக்கத்துல ரெண்டு குட்டிக் கவிதை நின்னா, நீ நெனைச்சாலும் நெனைக்காட்டாலும் ஒண்ணுக்கொண்ணு பேசும். அதனால யாரு எதிர்ல யாருன்னு பாத்து வை. சாவுக் கவிதை வலதுல நிக்கணும், எடது பக்கம் வெறுமையாக் கெடக்கட்டும். லே-அவுட் போடுத தம்பி எடம் வீணாகுதேன்னு அங்க ஒரு நெலாவைக் கொண்டாந்து வச்சிருவான். 16 பக்கம் ஒரு ஃபாரம், 96 பக்கத்துல ஆறு ஃபாரம் முடிக்கணும்னு அவனுக்கு அவன் கவலை. வெறும்பக்கத்தையும் கவிதையா எண்ணிக் கணக்குப் போட்டு முன்னாடியே எழுதிக் குடுத்திரு.

கடைசியில நன்றிக் கவிதை வேண்டாம். சாப்புட்டுக் கை கழுவுதவனைக் கும்பிட்டு நிறுத்தாதே. காடு வித்த பத்திரத்துல சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவனுக்கு டீ வாங்கப் போறியே, அந்தக் கவிதையில முடி. கடையில எத்தனை டீன்னு கேக்கிறான், நீ அப்பனையும் சேத்து எண்ணிச் சொல்லுதே. அதோட நிறுத்து. அதுக்கு மேல அடியில தேதி, ஊரு பேரு, நட்சத்திரக் குறி எதுவும் போடாதே.

மொத்தம் 47 தேறுச்சு. மிச்சம் 17-ஐ ரெண்டாவது புத்தகத்துக்குன்னு பத்திரப்படுத்து, ‘கவிதை என்பது யாதெனில்’ தவிர.

அப்புறம் இன்னொண்ணு. அகநானூத்து 400 பாட்டுக்கும் முன்னாடி பாரதம் பாடிய பெருந்தேவனாரோட கடவுள் வாழ்த்து ஒண்ணே ஒண்ணுதான் நிக்கும். 47 கவிதைக்கு நீ நாலு அணிந்துரை வாங்கி வச்சிருக்கே. எறும்புப் புத்துக்கு வந்து சேரவே 22 பக்கம் நடக்கணும். அந்த நாலு பேருல உனக்குப் பொண்ணு குடுக்கப்போறவரு யாராச்சும் உண்டா? இல்லேல்லா? அப்போ மூணை எடுத்துரு.