வெயிலில் குணமாகும் வியாதி

ஐப்பசி மழையில் டிஎஸ்எல் பிராட்பேண்ட் படுத்துக்கொண்டால், 'மோடத்தை அணைத்துப் போடுங்கள்' என்பதுதான் முதல் வைத்தியம். நனைந்தது மோடமா என்ன? தெருமுனைப் பெட்டியிலோ மண்ணுக்கடியிலோ செப்புக்கம்பி இணைப்பில் நீர் புகுந்திருக்கும். 'வைஃபை கோளாறாக இருக்கலாமே?' லேன் கேபிளில் இணைத்தும் நெட் அறுந்து, லேண்ட்லைனும் கரகரத்தால் வைஃபை நிரபராதி. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் SNR Margin வெயிலில் 12 டெசிபெல், மழையில் 5 என்றிருந்தால் சாட்சியும் தயார். ஆனால் லைன்மேன் வெயிலில்தான் வருவார். அதற்குள் கம்பி காய்ந்திருக்கும், 'கோளாறு இல்லை' என்று புகார் மூடப்படும். ஆகவே மழையிலேயே புகார் எண் வாங்குங்கள். அறுந்த நேரங்களையும் அந்த இரு அளவுகளையும் கரகரப்பையும் சொல்லி, வெளிக்கம்பி இணைப்பைத் திறந்து பார்க்கும்படி பதியச் சொல்லுங்கள். காய்ந்ததும் மூடினால், அடுத்த மழையில் அதே எண்ணோடு திரும்பிப் போகலாம்.