வெந்நிக்குப் பதில் சொல்லுடா, வீடியோவுக்கு இல்ல

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. மூஞ்சி என்னடா, மழையில நனஞ்ச கோழி மாதிரி இருக்கு? லாட்ஜுல எவரோ ஒன்னப் படம் புடிச்சுப் போட்டுட்டாராமே. ஊரே பாத்துருச்சாம். நான்தான் பாக்கல. பரவாயில்ல, நீ வாயால சொன்னதே படம் பாத்த மாதிரிதான் இருந்துச்சு.

முகூர்த்த நாளு. காலையில ஆறேகால் மணி. 304ல தங்கியிருந்த மனுசனுக்கு ஏழரைக்கு மண்டபத்துல இருக்கணும். குழாயைத் திருகினா பச்சத்தண்ணி. ரெண்டு தடவை கவுண்டருக்குப் போன் பண்ணிருக்காரு. ரெண்டு தடவையும் நீ, "பத்து நிமிசத்துல வந்துரும் சார்." மூணாந்தடவை போன் வரல, ஆளே கைலியோட கீழ எறங்கி வந்துட்டாரு. "இந்தா எடுக்கிறேன் வீடியோ, கூகுள்ல ஒத்த ஸ்டார், கன்ஸ்யூமர் கோர்ட்டு"ன்னு நின்னுருக்காரு. அதுக்கு நம்ம தொரை என்ன சொன்னீக? "போட்டுக்கங்க சார்." அடேயப்பா! ரெண்டு மாட்டை வித்து ஒங்கப்பன் ஒன்னை ஓட்டல் படிப்பு படிக்க வச்சது, எரியிற வைக்கப்போருல மண்ணெண்ணெய ஊத்தப் படிக்கவாடா?

நானும் மதுரையில, ரயிலடிக்குப் பக்கத்துல ஒரு லாட்ஜுல இருபத்திரெண்டு வருசம் சாவி குடுத்தவன்தான். அப்ப போனு ஏது, ஸ்டார் ஏது? "பேப்பர்ல போடுறேன்"பான், "கலெக்டருக்குப் பெட்டிசன் எழுதுறேன்"பான், "எங்க மச்சான் எஸ்.ஐ."ம்பான். எல்லாம் இதே கூத்துதான், வேசம்தான் மாறிருக்கு.

நம்ம சந்தையில பாத்திருப்பியே. சில மாடு கொம்பை ஆட்டிக் காட்டாது, நேரா வந்து முட்டிரும். நெசமாவே ஒன்னை நாறடிக்கணும்னு நெனைக்கிறவன் பில்லைக் கட்டிட்டு, "தேங்ஸ் தம்பி"ன்னு சிரிச்சுட்டுப் போயி, பஸ்ல ஏறி உக்காந்து சாவகாசமா எழுதுவான். போடுறேன் போடுறேன்னு ஒன் முன்னாடி வந்து நிக்கிறவரு, இன்னும் ஒனக்கு ஒரு சந்தர்ப்பம் குடுக்கிறாருடா. அவரு கையில இருக்கிற போனு, கேக்காத காதுக்கு அடிக்கிற தமுக்கு. நீ தமுக்கோட சண்டைக்குப் போயிட்டே.

சரி, வெந்நி ஏன் வரல? அதை யோசிச்சியா? மாடியில சோலாரு. தொட்டி ஆயிரம் லிட்டருன்னு நீதான் சொன்னே. முந்தின நாளு பூரா மூடாக்கு, தண்ணி அரைச்சூடு. முகூர்த்த நாளு, மேல 24 ரூமும் நெறஞ்சு கெடக்கு. ரூமுக்கு நாலு பேரு, ஆளுக்கு ஒரு வாளி, வாளிக்கு இருபது லிட்டரு. பெருக்கிப் பாரு: 1,920 லிட்டரு. பாதிப் பேரு குளிச்சு முடிக்கவும் தொட்டி காலி. காலியாக ஆக உள்ள எறங்குறது பச்சத்தண்ணி. இனி வெயிலடிச்சாத்தான் சூடு. அந்த வெயிலு ஒன் "பத்து நிமிச"த்துக்கு எந்திரிச்சு வந்துருமா?

ஆக, பச்சத்தண்ணிக்காக அவரு கீழ வரல. ரெண்டு பத்து நிமிசத்தை நம்பி, சோப்பும் துண்டுமா நின்னாரு பாரு, அதுக்கு வந்தாரு. முதல் போனுலயே இப்படிச் சொல்லிருக்கணும்: "சார், தொட்டி காலி, இனி வெயில் வந்தாத்தான். கீழ 108 காலியா இருக்கு, அதுல கீசர் போடச் சொல்லிட்டேன், இருபது நிமிசம் ஆகும். அதுக்குள்ள அடுப்படியிலேர்ந்து ரெண்டு வாளி சுடுதண்ணி மேல வருது. ஆறரைக்கு நானே போன் பண்றேன்." அவ்வளவுதான். ஆறரைன்னா ஆறரைக்கு நீ பண்ணணும். அவரா பண்ணினா நீ தோத்தே.

அதை விட்டுட்டே, ஆளு கீழயே வந்துட்டாருன்னு வையி. போனைத் தட்டிவிடாத. "எடுக்கக் கூடாது சார்"ன்னு மொகத்தைப் பொத்தாத. பொத்தினா களவாணிப் பயன்னு படம் பாக்குறவன் முடிவு கட்டிருவான். "அமைதியா பேசுங்க"ன்னு மறந்தும் சொல்லாத. அந்தச் சொல்லுக்கு இதுவரைக்கும் எவனும் அமைதியானதில்ல, நம்ம வீட்டுலயே சோதிச்சுப் பாத்துட்டேன். அவரு முடிக்கிற வரைக்கும் கேளு. பெறகு அவரு சொன்னதையே திருப்பிச் சொல்லு: "ரெண்டு தடவை போன் பண்ணீங்க, பத்து நிமிசம்னு சொன்னேன், வரல. நான் சொன்னது தப்பு. ஏழரைக்கு நீங்க மண்டபத்துல இருக்கணும்." சொல்லிக்கிட்டே 108 சாவியை எடுத்துக்கிட்டு கவுண்டரை விட்டு வெளிய வா. "வாங்க சார், நடந்துக்கிட்டே பேசுவோம்." அங்க பில்லு கட்ட நிக்கிற பத்துப் பேருதான் அவருக்குச் சபை. சபை மறஞ்சா சத்தம் கொறையும். ஆனா வெறுங்கையோட "தனியா வாங்க சார்"னு கூப்பிட்டா, அமுக்கப் பாக்கிறான்னுதான் தோணும். கையில சாவி இருக்கணும்.

இப்ப கொஞ்சம் சூதானம். "தயவுசெஞ்சு போட்டுறாதீங்க சார், வாடகையில ஐநூறு கொறைச்சுக்கிறேன்"னு கெஞ்சினேன்னு வையி, அந்தப் போனுக்கு நீயே வெலை வச்சுட்டே. அந்த ஐநூறையும் சேத்துப் போடுவாரு. ரிவ்யூவை எடுக்கக் காசு குடுக்கிறதைக் கூகுளே ஒத்துக்காதுன்னு நீதானடா சொன்னே? அதனால தண்ணிக்கு ஈடா என்ன உண்டோ, அதை அவரு கேக்குறதுக்கு முன்னாடியே குடு. ரூமைக் காலி பண்ண ரெண்டு மணி நேரம் கூடத் தரலாம், அது ஒன் கையில இருக்கு. வாடகையில கழிக்கிறது மேனேஜர் கையில, அவரைக் கேட்டுச் சொல்லு. அதுக்கு மேலயும், "முழு வாடகையும் திருப்பிக் குடு, இல்லாட்டி போடுவேன்"னா, மெதுவா சொல்லு: "தண்ணி வராததுக்கு எங்களால ஆனது இது சார். போடுறதும் போடாததும் உங்க இஷ்டம்."

சிரிக்கிறியா? ஆமாடா, நீ சொன்னதும் அதேதான். நீ ஒண்ணும் செய்யாம சொன்னே. நான் எல்லாம் செஞ்சுட்டுச் சொல்லுங்கிறேன். படம் பாக்குறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

கோர்ட்டுன்னு சொன்னா எகத்தாளம் பண்ணாத. அது அவரு உரிமை. 1915க்கு ஒரு போன் போட்டாலே புகாரை எழுதிக்குவாங்க, வழக்குப் போட ரெண்டு வருசம் வரைக்கும் அவருக்கு நேரம் இருக்கு. நீ பில்லை ஒழுங்காக் குடுத்துட்டு, கவுண்டர் நோட்டுல எழுது: எத்தனை மணிக்குப் போன் வந்துச்சு, நீ என்ன சொன்னே, எப்ப வாளி போச்சு. "பத்து நிமிசம்"னு சொன்னதையும் மறைக்காம எழுது. கெட்ட வார்த்தை, கை ஓங்குறதுன்னு போனா அது புகாரே இல்ல, மேனேஜரைக் கூப்பிடு, தேவைப்பட்டா போலீசு.

இப்ப போட்டுட்டாரே, என்ன செய்யிறதுங்கிறியா? மேனேஜர் பேருல மூணே வரி பதில்: தண்ணி தீந்தது நெசம், தப்பான நேரம் சொன்னது எங்க தப்பு, முகூர்த்த நாளுல இனி இன்ன ஏற்பாடு. அவரு பேரு, ரூம் நம்பரு, கல்யாணக் கதை எதுவும் வேண்டாம். அந்த ஏற்பாட்டை நெசமாவே செஞ்சுட்டு எழுதுங்க.

உள்ளேருந்து ஒங்க அப்பத்தா கூப்பிடுறா பாரு, ரெண்டாந்தடவை. கஞ்சி ஆறுதாம். முதல் தடவையே "பத்து நிமிசம்"னு சொல்லித் தொலைச்சுட்டேன்டா. எந்திரி எந்திரி. மூணாந்தடவை அவ வாசலுக்கே வந்துட்டா தெருவே கேக்கும். அவளுக்குக் கூகுளு வேண்டாம்.