'ஆப்'பா, 'தும்'மா?

கேள்வி: நொய்டாவில் வேலை பார்க்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர், நன்றாகப் பழகுவார். நாளை அவருக்குப் பிறந்தநாள். இந்தியில் எப்படி வாழ்த்துவது?

பதில்: நமக்கு நீ, நீங்கள் என்று இரண்டு படி. இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று. 'தூ' உயிர்த் தோழனுக்கும் கடவுளுக்கும். அவர் இன்னும் இரண்டும் ஆகவில்லை, அதை விட்டுவிடுங்கள். அவர் உங்களைத் 'தும்' என்று அழைத்தாலும், நீங்கள் 'ஆப்' என்றே சொல்லுங்கள். வயதில் மூத்தவருக்கு அந்தச் சலுகை உண்டு, இளையவருக்கு இல்லை. அவரே "ஆப் வேண்டாம்" என்று சொன்ன பிறகு இறங்கி வரலாம்.

பலர் சறுக்குவது வினைச்சொல்லில்தான். "ஆப் ஹமேஷா குஷ் ரஹோ" என்று எழுதினால், தொடக்கத்தில் மரியாதை, முடிவில் தோளில் கை. டெல்லிப் பக்கம் பேச்சில் இது சகஜம். எழுத்தில் 'ஆப்' என்றால் 'ரஹே(ங்)' என்று மூக்கொலியோடு முடிய வேண்டும். 'ரஹோ' தும்முக்கு உரியது.

"ஆப்கோ ஜன்மதின் கீ ஹார்திக் ஷுப்காமனாயே(ங்)" பிழையில்லாதது, ஆனால் அலுவலகச் சுற்றறிக்கை வாசனை அடிக்கும். அதை மேலதிகாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இவருக்கு, பெயரோடு 'ஜீ' சேர்த்து, "ஜன்மதின் முபாரக் ஹோ!" போதும். அதில் ஆப், தும் எதுவுமே இல்லை. மரியாதையை 'ஜீ' பார்த்துக்கொள்ளும், நெருக்கத்தை 'முபாரக்' பார்த்துக்கொள்ளும். 'யார்' மட்டும் சேர்க்காதீர்கள், அது சமவயதுக்காரருக்கு.