உருப்படிக் கணக்கும் கிலோக் கணக்கும்

சென்னை அடுக்ககங்களில் மாதக் கடைசியில் தவறாமல் எழும் வழக்கு, துணியை உருப்படிக் கணக்கில் கொடுப்பதா, கிலோக் கணக்கில் கொடுப்பதா என்பதாகும். உருப்படிக் கணக்கு என்பது, வீட்டில் துவைத்த துணியைத் தெருமுனைத் தள்ளுவண்டியில் இஸ்திரிக்குக் கொடுத்து எண்ணிக்கைக்குக் கூலி தருவது. கிலோக் கணக்கு என்பது, அழுக்குத் துணியைச் சலவைக் கடையின் தராசில் ஏற்றிவிட்டு, துவைத்துத் தேய்த்து வாங்கும்போது எடைக்குக் கூலி தருவது. இவ்வழக்குக்குத் தீர்ப்புக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உருப்படிக்கு 10 ரூபாயும் கிலோவுக்கு 100 ரூபாயும் கூலி எனக் கொண்டால், நால்வர் குடும்பத்தின் மாதத் துணி 120 உருப்படிகளுக்கு வண்டியில் 1,200 ரூபாய் ஆகும். உருப்படி சராசரி 250 கிராம் வீதம் அவை 30 கிலோ எடையுள்ளவையாதலால், கடையில் 3,000 ரூபாய் ஆகும். வீட்டு இயந்திரத்தின் மின்சாரத்துக்கும் சலவைத்தூளுக்கும் கிலோவுக்கு 5 ரூபாய் சேர்த்தாலும் வண்டிக் கணக்கு 1,350 ரூபாயைத் தாண்டாது. துவைத்து, உலர்த்தி, மடிப்பவரின் இடுப்புவலி வழக்கம்போல எக்கணக்கிலும் ஏறாது. இரு கணக்கும் சமன்படும் எடை ஏறத்தாழ 105 கிராம் என்பதால், அதற்கு மேற்பட்ட சட்டையும் ஜீன்ஸும் வண்டிக்கும், 20 கிராம் கைக்குட்டை கடைக்கும் போவதே முறை. எனினும் கனத்த துணியையே கடைக்குச் சுமப்பது குடும்பங்களின் மரபாக உள்ளது. கைக்குட்டையைக் கடைக்கு அனுப்ப முனைவோரையோ, 5 கிலோவுக்குக் குறைந்தால் ஏற்பதில்லை என்னும் விதி, முதலில் 250 கைக்குட்டைகள் சேர்க்குமாறு பணிக்கிறது.

இங்குத் தராசைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். முற்றிலும் உலர்ந்த 100 கிராம் பருத்தி, நடுத்தர ஈரப்பதமுள்ள காற்றிலேயே ஏறத்தாழ 8 கிராம் நீரை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஐப்பசி அடைமழையில் அது மேலும் இழுக்கும். ஆகவே கிலோக் கணக்கில் துணி கொடுக்கும் குடும்பம், தன் சட்டைகளோடு வங்கக் கடலின் ஒரு சிறு பகுதியையும் துவைக்கக் கொடுத்து அதற்கும் கூலி தருகிறது. காலையில் நால்வர் துவட்டிய குளியல் துண்டுகள் மூட்டையின் அடியில் இருப்பின், தண்ணீர் லாரிக்காரர் கனவிலும் கேட்கத் துணியாத விலையில் தண்ணீர் அங்கே கைமாறுகிறது. அதன்மேல் மூட்டை கட்டிய பையின் எடையும் சேர்கிறது. அதன்மேல் 5 கிலோ 100 கிராம் என்பதை ஐந்தரை என எழுதும் கடைக்காரரின் எண்கணிதமும் சேர்கிறது. தராசின் முள் ஏறும்போது மட்டும் அவர் பார்வை கூர்மையாக இருப்பதும், பையைக் கழிக்கச் சொன்னால் காது மந்தமாவதும் மருத்துவ ஆய்வுக்கு உரியவை.

புடவையும் பட்டு வேட்டியும் கிலோவில் சேராமல் அக்கடையிலேயே தனி உருப்படிகளாவதால், வழக்கு மேலும் சிக்கலாகிறது; தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது. துண்டை நன்கு உலர்த்திய பிறகே தராசில் ஏற்ற வேண்டும் என்பது மட்டும் உறுதி. ஆனால் கொடி கட்டி, கிளிப் மாட்டி, மழைக்கு எடுத்து, வெயிலுக்கு மீண்டும் போடுபவர், அதற்கு முன் அதை ஒருமுறை அலசியிருந்தால் கடைக்கே போயிருக்க வேண்டியதில்லை.