வெள்ளத்தைத் தடுத்த வீரர்

சென்னை மவுண்ட் ரோட்டில் 1860களின் தொடக்கத்திலிருந்து ஒரு வெண்கல வீரர் நின்றார். பெயர் ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல். கம்பெனியின் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் என்ற வெள்ளைக்காரப் படையின் கர்னல். வங்காளத்தில் பொங்கிய கலக வெள்ளத்தை முதலில் தடுத்தவர் இவர்தான் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டதாகப் பீடத்தில் பொறித்திருந்தார்கள். தூக்கில் தொங்கியவர்களின் சம்மதத்தை எப்போது வாங்கினார்கள் என்று பொறிக்க இடம் போதவில்லை போலும்.

வெள்ளத்தைத் தடுப்பது எப்படி என்று திருநெல்வேலிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மருதூர் அணைக்கட்டில் நின்று தாமிரபரணியைப் பார்த்தவனுக்கு, கரை கட்டுகிறவன் யார், கரையை வெட்டுகிறவன் யார் என்று தெரியும். நீல் துரை கையில் இருந்தது மண்வெட்டிதான். ஆனால் அவர் கட்டியது கரை அல்ல.

1857 மே 10 அன்று மீரட்டில் தொடங்கியது படைவீட்டுச் சண்டை. கொழுப்புத் தடவிய தோட்டாவைத் தொட மறுத்த குதிரைப்படை வீரர்கள் 85 பேருக்கு முந்தைய நாள் அணிவகுப்பு மைதானத்திலேயே விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மாலை அவர்களுடைய தோழர்கள் சிறையை உடைத்து அவர்களை மீட்டுக்கொண்டு டெல்லிக்குப் போனார்கள். மீரட்டிலும் டெல்லியிலும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் கொல்லப்பட்டன. அதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தச் சிப்பாய் யார் என்பதைக் கம்பெனி மறந்துவிட்டது. பாதிப்பேருக்கு மேல் சிவப்புச் சட்டை போட்ட விவசாயிகள். அவத் கிராமத்தில் அண்ணன் உழ, தம்பி துப்பாக்கி தூக்கினான். ஊரில் நில வழக்கு என்றால் லக்னோவில் இருந்த கம்பெனி ரெசிடென்ட் வழியாக மனுக்கொடுக்கும் சலுகை அவனுக்கு உண்டு. 1856இல் கம்பெனி அவத்தையே விழுங்கியதும் அந்தச் சலுகையும் போயிற்று. படைவீட்டில் ஒருவனை அவமானப்படுத்தினால் சேதி அவன் ஊர்க் களத்துமேட்டுக்குப் போய்ச் சேரும் என்பது லண்டனில் பங்கு வைத்திருந்த கனவான்களுக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்குத் தெரிந்தது லாபக் கணக்கு.

இந்த நேரத்தில்தான் சென்னையிலிருந்து கப்பலேறிப் போனார் நீல். கல்கத்தாவில் ரயில் ஏறும்போது, படை வந்து சேரும்வரை வண்டியைக் காக்கவைக்க மறுத்த ரயில்வேக்காரர்களையே காவலில் வைத்தார். நேரத்துக்கு வண்டி விடுவதே ராஜத்துரோகம் என்றால், மற்றவர்கள் கதியை ஊகித்துக்கொள்ளலாம்.

ஜூன் 3 அன்று காசிக்கு வந்தார். மறுநாளே, அடுத்த விடியல்வரைகூடப் பொறுக்காமல், அங்கிருந்த 37ஆவது படையின் ஆயுதங்களைப் பறிக்கச் சொல்லி நெருக்கினார். அந்தக் குழப்பத்தில் குண்டு பாய்ந்தது. கம்பெனிக்கு விசுவாசமாக நின்ற லூதியானா சீக்கியப் படை மீதும் பீரங்கி வெடித்தது. விசுவாசிக்கும் இதுதான் கூலி என்ற சேதி குதிரையைவிட வேகமாக ஓடியது. மறுநாள் ஜோன்பூரில் அதே சீக்கியப் படையின் ஒரு பிரிவு எழுந்தது. அதற்கடுத்த நாள் அலகாபாத்.

அலகாபாத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கிருந்த 6ஆவது படை, டெல்லி மீது போகத் தயார் என்று தானாகவே எழுதிக் கொடுத்த படை. ஜூன் 6 மாலை அணிவகுப்பில் கவர்னர் ஜெனரலின் நன்றியை அவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். இரவு ஒன்பது மணிவாக்கில் அதே படை துப்பாக்கியைத் திருப்பியது. நன்றி காதில் விழுந்ததைவிடக் காசி பீரங்கிச் சத்தம் உரக்க விழுந்திருந்தது.

அன்றிரவே விஷயம் சிப்பாயின் கையைவிட்டுப் போய்விட்டது. சிறைக்கதவு திறந்தது, ரயில்வே வேலைகளும் தந்திக் கம்பிகளும் நொறுங்கின. திரிவேணி சங்கமத்தில் யாத்திரிகர்களை வைத்துப் பிழைத்த பிராமணப் பண்டாக்களும் சேர்ந்தார்கள்; குஸ்ரோ பாக் தோட்டத்தில் மௌல்வி லியாகத் அலி டெல்லி பாதுஷா பெயரால் ஆட்சி நடத்தினார். சுற்றியிருந்த ஊர்களில் நிலத்தை ஏலத்தில் பறிகொடுத்தவர்கள் அந்த நிலத்துக்கே திரும்பினார்கள். பண்டாவையும் மௌல்வியையும் ஒரே பக்கம் நிறுத்துவதற்கு வேறு யாராலும் முடிந்திருக்காது, கம்பெனியால் முடிந்தது.

நீல் ஜூன் 11 அன்று வந்து சேர்ந்தார். அதற்கு முன்பே காசியில் தூக்குக்காரர்கள் ஊர் ஊராகச் சுற்றத் தொடங்கியிருந்தார்கள். மாமரம் தூக்குமரம் ஆனது, யானை மிதிபலகை ஆனது. கலகக்காரர்களின் கொடியை ஆட்டித் தமுக்கடித்த விளையாட்டுப் பையன்களுக்கும் தூக்கு. சொன்னவர் நம்மூர்க் காங்கிரஸ்காரர் இல்லை. சிப்பாய்ப் போரின் சரித்திரத்தை எழுதிய கேய் என்ற ஆங்கிலேயர்.

ஜூன் கடைசியில் கான்பூர்ப் பாதையில் மேஜர் ரெனோவை அனுப்பினார் நீல். கையில் எழுத்துமூல உத்தரவு: குறித்துக் கொடுத்த கிராமங்களை அழி, அங்குள்ள ஆண்களைக் கொல், ஃபதேபூரில் பட்டாணியர் குடியிருப்பைத் தரைமட்டமாக்கு, அங்கே எதிர்த்து நின்ற டிப்டி கலெக்டர் பிடிபட்டால் தூக்கிலிட்டுத் தலையை வெட்டி ஊரின் பெரிய முஸ்லிம் கட்டடம் ஒன்றில் மாட்டு. ரெனோ சுறுசுறுப்பானவர். இரண்டே நாளில் 42 பேர் சாலையோரத்தில் தொங்கினார்கள். எதிரே வந்து தூக்கில் தொங்கிய பன்னிரண்டு பேர் செய்த குற்றம், படை வந்த நேரத்தில் முகம் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. இதை எழுதி வைத்தவர் டைம்ஸ் நிருபர் ரஸ்ஸல். இப்படி ஊரைக் காலி செய்தால் படைக்குச் சாப்பாடு தர ஆள் இருக்காதே என்று கூட வந்த அதிகாரி ஒருவர் முறையிட்டார். மனசாட்சி அரிசி மூட்டை வழியாகத்தான் அந்தப் படைக்குள் நுழைய முடிந்தது.

ஜூலை 15 அன்று கான்பூர் பீபிகரில் சுமார் 200 வெள்ளைக்காரப் பெண்களையும் குழந்தைகளையும் கலகக்காரர் தரப்பில் வெட்டினார்கள். அதற்கு நியாயம் கிடையாது. ஆனால் நீலின் வெறிக்குக் காரணம் கான்பூர் என்று பிறகு கதை கட்டினார்களே, காலண்டரைப் புரட்டிப் பார்க்க மாட்டார்களா? காசித் தூக்குமரங்களும் ரெனோவின் சாலையும் அதற்கு முந்தியவை. அலகாபாத் சாலையில் வீடு எரிந்த உழவன் சிப்பாய் இல்லை. எரிந்த பிறகு அவன் சும்மா இருக்கவும் இல்லை.

அப்போது திருநெல்வேலி என்ன செய்தது என்று கேட்பீர்கள். அமைதியாக இருந்தது. இருக்காதா? கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16 அன்று, மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து நிற்கவைத்து, கயத்தாற்றில் தூக்கிலிட்டவர்கள் கம்பெனிக்காரர்கள். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பிப்போய் மறுபடி எழுப்பிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மே மாதம் தரைமட்டமாக்கி, சீமை முழுக்க ஆயுதம் பறித்தவர்கள் அவர்கள். வடக்கே சிப்பாயில் தொடங்கிக் குடியானவனிடம் போனது. இங்கே குடிகளிடம் தொடங்கியதை அடக்கக் கம்பெனி கூட்டி வந்ததே நம்மாட்கள் நிறைந்த சிப்பாய்ப் படைகளைத்தான். 1857க்குள் எங்கள் கையில் ஈட்டியும் இல்லை, கோட்டையும் இல்லை. வெள்ளைக்காரன் இதற்கு வைத்த பெயர் ராஜவிசுவாசம்.

கடன் தீர்க்க எழுபது வருஷம் ஆயிற்று. 1927இல் அந்த வெண்கலத்தை அகற்று என்று கிளம்பிய போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் திருநெல்வேலி சோமயாஜுலு. மதுரையிலிருந்து வந்த முகமது சாலியாவும் சுப்பராயலு நாயுடுவும் கோடரியும் உளியுமாகச் சிலை மேல் ஏறினார்கள். கடலூர் அஞ்சலையம்மாளும் வந்தார். கிராமங்களை எரித்தவனுக்குப் பீடம். அவன் சிலையில் கீறல் போட்டவனுக்குச் சிறை. கலகத்தைத் தடுப்பதில் சர்க்கார் நீலிடம் படித்த பாடத்தை அப்போதும் மறக்கவில்லை. 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் சிலை சாலையைவிட்டு நகர்ந்தது.

இப்போது அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இருக்கட்டும், உடைக்க வேண்டாம். அருங்காட்சியகத்துக்காரர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ரெனோவுக்கு நீல் எழுதிக் கொடுத்த உத்தரவை ஒரு வரி விடாமல் தமிழில் பெயர்த்து, சிலைக்குப் பக்கத்தில், பள்ளிப் பிள்ளைகள் நின்று படிக்கும் உயரத்தில் மாட்டுங்கள்.