உடைந்தால்தான் லாபமா?

கேள்வி: புது செல்போனுக்கு பில் போடும்போது, "1,500 ரூபாய் சேர்த்துக் கட்டுங்க சார், அப்புறம் கவலையே இல்லை" என்கிறார் கடைக்காரர். கட்டலாமா? – வாசகர், கும்பகோணம்

பதில்: கவலை இல்லாதது அவருக்கா உங்களுக்கா என்பதுதான் விஷயம். 'எக்ஸ்டெண்டட் வாரண்டி' என்றால், கம்பெனி வாரண்டி முடிந்த பிறகுதான் அது கண் விழிக்கும். அப்போதும் போன் தானாகப் பழுதானால்தான் உதவும். கைதவறி விழுந்ததற்கு வேண்டியது 'டேமேஜ் புரொடக்‌ஷன்'.

அவர் விற்பது அதுதான் என்று வையுங்கள். டிஸ்பிளே மாற்ற 6,000 ரூபாய், கிளெய்ம் கட்டணம் 500 என்றால், உடைந்தால் உங்களுக்கு மிச்சம் 5,500. கட்டிய 1,500 வீணாகாமல் இருக்க, பிளான் காலத்துக்குள் போன் உடையும் வாய்ப்பு நாலில் ஒன்றுக்கும் சற்று மேலே இருக்க வேண்டும். வீட்டில் தவழும் குழந்தை உண்டென்றால் தாராளமாக இருக்கும்! தேய்மானம் என்று கழிக்கும் பிளானில் இந்தக் கணக்கு இன்னும் மோசம்.

கட்டிவிட்டீர்களா? உடைந்தால் தெருமுனைக் கடையில் திறந்து பார்க்கக் கொடுக்காதீர்கள். வெளியாள் கை வைத்தால் கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகிவிடும். தகவல் சொல்லக் கெடு உண்டு. பல பிளான்களில் ஓரிரு நாள்தான். பில்லில் உள்ள ஐ.எம்.இ.ஐ. எண்ணும் போனில் `*#06#` அடித்தால் வரும் எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே பாருங்கள். பெரும்பாலும் திருட்டுக்கு இதில் இடமில்லை.

என் தீர்ப்பு: விலை உயர்ந்த போன், நழுவும் கை இரண்டும் இருந்தால் கட்டுங்கள். இல்லையேல் 300 ரூபாய்க்கு நல்ல கவர் போதும்.