பெட்டி காத்த பெருமான்

ஹைதராபாத் பாலாநகரில் நான் போய்வரும் பட்டறை ஒன்றின் முதலாளியைப் போல நிதானஸ்தரைப் பார்ப்பது அரிது. இதே ஊரின் ராமச்சந்திரபுரம் பெல் ஆலையில் 1980 வாக்கிலேயே எஸ்.ஆர். உட்பா என்ற மேலாளர் தொழிலாளர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து யோசனை கேட்டுவிட்டார். இந்தியாவின் முதல் தரவட்டங்கள் என்று அவற்றைச் சொல்கிறார்கள். நம்மவருக்கு அந்தப் பதற்றமெல்லாம் கிடையாது. தண்ணீர் ஃபில்டருக்கு மேலே ஒரு யோசனைப் பெட்டியை அடித்தார், பூட்டினார், சாவியைப் பத்திரப்படுத்தினார். எங்கே என்பது அவருக்கும் தெரியாத அளவுக்குப் பத்திரம்.

படிவம் ஆங்கிலத்தில் மட்டும். ஒடிசாவிலிருந்து வந்த டிரில்லிங் மிஷின்காரர் கல்வியில் முன்னேற வேண்டுமென்ற அக்கறைதான். 'ஆண்டுக்கு எத்தனை ரூபாய் மிச்சம்?' என்ற கட்டத்தையும் அவரே நிரப்ப வேண்டும்; கணக்குப்பிள்ளையைத் தொந்தரவு செய்யக்கூடாதல்லவா?

அவர் எழுதிப் போட்டது அற்ப விஷயம். வார்ப்புத் துண்டை ஜிக்கில் இறுக்க ஸ்பேனரால் போல்ட்டைத் திருகினால் 40 விநாடி. கைப்பிடியை ஒரு தட்டுத் தட்டும் டாகிள் கிளாம்ப் என்றால் 5 விநாடி. ஷிஃப்டுக்கு 300 துண்டு. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம்! அந்த மூன்று மணி நேரமும் ஆள் சும்மா நின்றுவிட்டால் கையின் பலம் என்னாவது?

வேறு பட்டறைகளில் சில அவசரக்குடுக்கைகள் உண்டு. சீட்டுக்கு நம்பர் போட்டு, பாதியைக் கிழித்து எழுதியவரிடமே கொடுத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமைதோறும் சூப்பர்வைசரும் மெயின்டனன்ஸ்காரரும் கால் மணி நேரம் நின்றபடியே படிப்பார்கள். 'செய்து பார்ப்போம்', 'இன்னும் விவரம் வேண்டும்', 'முடியாது' என மூன்றில் ஒன்றைக் காரணத்தோடு போர்டில் எழுதுவார்கள். சில நூறு ரூபாய்ச் செலவென்றால் சூப்பர்வைசரே ஒப்புக்கொண்டு ஒரே மிஷினில், ஒரே ஷிஃப்டுக்கு மாட்டிப் பார்ப்பார். வார்ப்பின் கனம் துண்டுக்குத் துண்டு மாறினால் கிளாம்ப்பின் பிடி தளர்ந்து துளை நகரும். அது நகர்கிறதா என்று கேஜ் போட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் கிளாம்ப்பின் முனைத் திருகைச் சரிசெய்த பிறகுதான் மற்ற மிஷின்களுக்குப் போகும். யோசனை எழுதியவர் பெயரும் போர்டில் நிற்கும். எத்தனை அநாகரிகம்!

நம்மவரோ ஏழு பேர் கமிட்டி அமைத்தார். ஏழு பேரும் ஒரே நாளில் ஓய்வாக இருக்கும்போது கூடுவதாக முடிவு. ஒருவர் மனமும் நோகக்கூடாதென்று அவர்கள் இன்றுவரை எதையும் நிராகரித்ததில்லை.

பொறுமைக்குப் பலனும் கிடைத்தது. போன வருஷம் ஆலோசகர் ஒருவரை வரவழைத்தார். அவரும் நுணுக்கமானவர், டிரில்லிங் மிஷின்காரரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு, டாகிள் கிளாம்ப் என்ற அரிய கண்டுபிடிப்பை வண்ணப் படங்களோடு அறிக்கையாகத் தந்தார். ஆண்டு விழாவில் அவருக்குச் சால்வை. மிஷின்காரரையும் மறந்துவிடவில்லை. கிளாம்ப்பை எப்படித் தட்டுவது என்று அவருக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள்.